மினிட் புத்தகம்: புது நோட்டு தொடங்கும் முன்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். அடுத்த கூட்டத்திலிருந்து புது மினிட் புத்தகம். தைத்து பைண்டு செய்த நோட்டுதான் வேண்டும். ஸ்பைரல் நோட்டில் ஒரு தாளை உருவினால் தடமே தெரியாது.

எழுதத் தொடங்கும் முன்பே எல்லாப் பக்கங்களுக்கும் பேனாவால் எண் போட்டுவிடுங்கள். முதல் பக்கத்தில் “இந்தப் புத்தகத்தில் 1 முதல் 200 வரை பக்கங்கள் உள்ளன” என்று எழுதி, தலைவரும் செயலாளரும் தேதியோடு கையெழுத்திட வேண்டும். கெட்டுப்போன பக்கத்தையும் கிழிக்காதீர்கள். குறுக்கே கோடிட்டு “ரத்து” என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

கடைசித் தீர்மானத்துக்கும் தலைவர் கையெழுத்துக்கும் நடுவே இடம் விடவே கூடாது. அந்த நாலு வரி இடைவெளியில்தான் பின்னால் யாரோ ஒரு தீர்மானத்தை நுழைப்பார்கள். கையெழுத்துக்குக் கீழே மிஞ்சும் இடத்தைச் சாய்கோடு போட்டு அடைத்துவிடுங்கள்.

திருத்தம்: மோட்டார் பழுதுக்கு ரூ.4,500 என்பதற்குப் பதில் ரூ.5,400 என்று விழுந்துவிட்டது என்று வையுங்கள். பழைய எண் படிக்கும்படி ஒற்றைக் கோடு, மேலே சரியான எண், ஓரத்தில் தலைவரின் சுருக்கொப்பமும் தேதியும். வெள்ளை மை பூசுவதோ, 5-ஐ 4 ஆக்கி மேலெழுதுவதோ வேண்டாம். தணிக்கையாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

தலைவர் கையெழுத்திட்ட பிறகு பிழை தெரிந்தால் அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள். அடுத்த கூட்டத்தில், “பக்கம் 14, தீர்மானம் 3-இல் ரூ.5,400 என்பதை ரூ.4,500 எனத் திருத்தி வாசிக்க” என்று தனித் தீர்மானமாகவே பதியுங்கள்.