ஏழாவதில் போய் உட்கார்ந்தால்

அன்புள்ள கண்ணுக்கு,

தண்டையார்பேட்டையிலிருந்து அப்பா. நாங்கள் நலம்.

தியானம் என்று பத்து நிமிஷம் உட்கார்ந்தாய், கால் மரத்தது, காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டதே திரும்பத் திரும்ப வந்தது என்றாய். "எனக்கு இது வராதுப்பா" என்றும் முடித்துவிட்டாய். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி யோகத்துக்குச் சொல்லும் எட்டு அங்கங்களில் தியானம் ஏழாவது, கண்ணு. நீ நேராக அதில் போய் உட்கார்ந்தாய்.

முதல் அங்கம் யமம், பிறரிடம் நடந்துகொள்ளும் ஒழுக்கம். அதில் வாய்மை ஒன்று. பொய் சொன்னால் அதைக் காப்பாற்றும் வேலையும் சேர்ந்துகொள்ளும்: யாரிடம் என்ன சொன்னோம், திங்கட்கிழமை எப்படி இருமிக் காட்டுவது. கண்ணை மூடியதும் மனசு அந்தக் கணக்கைத்தான் பார்க்கும். அடுத்தது நியமம், நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் ஒழுக்கம். அதில் வரும் 'போதும்' என்ற மனம் இல்லாவிட்டாலும் இதே கதைதான்.

மூன்றாவது ஆசனம். யோக சூத்திரத்தில் அதற்கு மூன்றே சூத்திரங்கள். இருக்கை அசையாமலும் சுகமாகவும் இருக்கவேண்டும், முயற்சி தளரவேண்டும், அப்போது குளிர், வெயில் போன்ற இரட்டைகள் தாக்காது. ரிட்டையர் ஆன புதிதில் வீம்பாகப் பத்மாசனம் போட்டு முட்டியைக் கெடுத்துக்கொண்டவன் நான். இப்போது ஜமுக்காளத்தை மடித்து இடுப்புக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன். முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்தால் முதுகு தானாக நிமிரும்.

அடுத்த சூத்திரம் 'அது அமைந்த பிறகு' என்று தொடங்கித்தான் பிராணாயாமத்தைச் சொல்கிறது. இருக்கை அமையாமல் மூச்சை அடக்கினால் தோள் மேலே ஏறும், விடும்போது மூச்சு பீறிடும். அப்படியானால் அடக்காதே. இழுப்பதைவிட விடுவது கொஞ்சம் நீளட்டும், போதும்.

மூச்சு அடங்கினால் மனசு ஒன்றில் நிற்கத் தகுதி பெறும் என்கிறார் பதஞ்சலி. அதற்கு முன்னால் பிரத்தியாகாரம், புலன்கள் வெளியே ஓடாமல் உள்ளே திரும்புவது. அதற்காகக் காது அடைத்துப்போகாது. நம் தெருமுனையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் முன்பு டிரைவரைத் திட்டுவேன். இப்போதும் கேட்கிறது, மனசு பின்னாலேயே ஓடுவதில்லை.

ஓடாத மனசை ஒரே இடத்தில் கட்டுவது தாரணை. கட்டு அறுந்து அறுந்து போகும், மறுபடி கட்டவேண்டும். அந்தக் கவனம் எண்ணெய் ஒழுக்குபோல் இடைவிடாமல் ஓடினால் தியானம். பார்க்கிறவன் என்ற நினைப்பும் கரைந்து, பார்க்கும் பொருள் மட்டும் மிஞ்சினால் சமாதி. அதை எழுத எனக்கு அனுபவம் போதாது.

ஒன்றை முழுசாக முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று நினைத்துக்கொள்ளாதே. அங்கம் என்றால் உறுப்பு. எல்லாம் சேர்ந்துதான் வளரும். எது இடறுகிறது என்று பார்த்து அங்கே கை வை. உனக்கு இப்போது இடறுவது இரண்டு: அந்தப் பொய், அப்புறம் இடுப்புக்குக் கீழே ஒரு மடிப்புப் போர்வை இல்லாதது.

காசிமேட்டில் நல்ல நெத்திலி வந்தது. அம்மா கருவாடு போட்டு வைத்திருக்கிறாள், பார்சல் வரும்.

அப்பா