கெண்டைக்காலுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு: கிருஷ்ணகிரித் தம்பிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பி,

"மூச்சு நன்றாக இருக்கிறது அண்ணா, கெண்டைக்கால்தான் பிடித்துக்கொள்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய பயிற்சி நோட்டின் பக்கங்களையும் நிதானமாகப் படித்தேன். நாற்பதைக் கடந்தபின் 1500, 5000 மீட்டர் ஓடுகிறவர்கள் பலரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். உங்களுக்கு என்ன நடக்கிறது என்பதும் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.

கடுமையாக ஓடிய மறுநாள் மூச்சும் நாடித்துடிப்பும் பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன. உடம்பு தயார் என்று நீங்கள் முடிவு செய்வது அவற்றை வைத்துத்தான். ஆனால் கெண்டைத் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாண் அவ்வளவு சீக்கிரம் மீள்வதில்லை. பலத்த ஓட்டத்துக்குப் பிறகு நாணில் பழைய கொலாஜன் புரதம் சிதைவதும் புதியது உருவாவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. முதல் ஒன்றரை நாள்வரை சிதைவின் கையே ஓங்கியிருக்கும். அதன் பிறகுதான் ஆக்கம் முந்தத் தொடங்கும். இது இருபது வயதுப் பையனுக்கும் பொருந்தும். வித்தியாசம் என்னவென்றால், அவனுடைய நாண் கொஞ்சம் அவசரத்தைத் தாங்கிக்கொள்ளும். நமக்கோ வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் குறைந்துவருகின்றன. ஓடும்போது தரையை உந்தும் விசை மற்ற மூட்டுகளைவிடக் கணுக்காலில்தான் அதிகம் குறைகிறது. பலம் குறைந்த கெண்டைத் தசை, பழுது ஆறாத நாணோடு அடுத்த கடுமையான நாளைச் சந்திக்கிறது.

இப்போது உங்கள் வாரத்தைப் பாருங்கள். பயிற்சிச் சுமையின் கணக்கு எளிது: பயிற்சி நடந்த நிமிடங்களை, அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு நீங்கள் தரும் மதிப்பெண்ணால் பெருக்க வேண்டும். அமெரிக்கப் பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் பரவலாக்கிய முறை இது. திங்கள் மெதுவோட்டம் 40 நிமிடம், மதிப்பெண் 3, ஆகவே 120. செவ்வாய் மைதானத்தில் எட்டு முறை 400 மீட்டர், எல்லாம் சேர்த்து 60 நிமிடம், மதிப்பெண் 8, ஆகவே 480. புதன் மெதுவோட்டம் 150. வியாழன் வேகமான தொடர் ஓட்டம் 350. வெள்ளி ஓய்வு. சனி மேட்டு ஓட்டம் 400. ஞாயிறு கிருஷ்ணகிரி அணைச் சாலையில் நீண்ட ஓட்டம் 500. மொத்தம் 2,000.

இந்தக் கூட்டுத்தொகையைவிட என்னைக் கவலைப்படுத்தியது நாட்களின் நெருக்கம். செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று கடுமையான நாட்களுக்கு இடையே 48 மணி நேரம்தான். மேட்டில் ஏறியதற்கு மறுநாளே நீண்ட ஓட்டம் வேறு. மேடு ஏறும்போது முன்பாதத்தில்தான் எடை நிற்கும், குதிகால் நாண் முழுதாக இழுபடும். உங்கள் மதிப்பெண் மூச்சைத்தான் அளக்கிறது. நாணின் இழுவையை அது அளப்பதில்லை. கூட்டுத்தொகையை மட்டும் நம்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அதற்காக வேகத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். வலி வந்ததும் பலர் செய்வது அதுதான்: தினமும் மெதுவாகவே ஓடுவார்கள். பிராணவாயுவைப் பயன்படுத்தும் உச்சத் திறன் வயதோடு எப்படியும் இறங்குகிறது. தீவிரப் பயிற்சியை விட்டவர்களுக்கு அது இன்னும் வேகமாக இறங்குகிறது. குறைக்க வேண்டியது கடுமையான நாட்களின் எண்ணிக்கையையும் அந்த நாட்களின் நீளத்தையும். வேகம் அப்படியே இருக்கட்டும்.

உங்களுக்கு நான் எழுதித் தரும் வாரம் இது. செவ்வாய் 400 மீட்டர் ஐந்து முறை, பழைய நேரத்திலேயே, மொத்தம் 45 நிமிடம், 360. அன்று மாலையே கெண்டைக்கால் பலப் பயிற்சி 20 நிமிடம், 100. படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, தோளில் எடையோடு, மெதுவாக எழுந்து மெதுவாக இறங்குங்கள். எட்டு முறைக்கு மேல் முடியாத அளவுக்கு எடை இருக்க வேண்டும். பலப் பயிற்சியை ஓய்வு நாளில் வைத்தால் அது ஓய்வு நாளாக இருக்காது. அதனால்தான் கடுமையான நாளிலேயே சேர்க்கிறேன். புதன் ஓய்வு. வியாழன் மெதுவோட்டம் 120. வெள்ளி ஒரு வாரம் மேடு, மறு வாரம் தொடர் ஓட்டம், 315. மாலையில் மீண்டும் பலப் பயிற்சி 100. சனி ஓய்வு. ஞாயிறு நீண்ட ஓட்டம் 85 நிமிடம், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில், 340. திங்கள் 30 நிமிடம், 90. மொத்தம் 1,425. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் 72 மணி நேரம் கிடைத்துவிட்டது. மூன்றாவது வாரம்தோறும் வெள்ளிக்கிழமை ஓட்டத்தை எடுத்துவிட்டு, ஞாயிறை ஒரு மணி நேரத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இது போதுமா, அதிகமா என்பதைக் காலையில் கால் சொல்லிவிடும். ஓடும்போது வலித்ததா என்பதைவிட மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஒற்றைக்காலில் பத்து முறை குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினாலோ, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ அன்று மெதுவோட்டம் மட்டும் ஓடிவிட்டு, கடுமையான பயிற்சியை ஒரு நாள் தள்ளியே செய்யுங்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் 'பட்'டென்று ஒரு உணர்வு வந்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். தடவிப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. வயதான தசை, அதே அளவு புரதத்துக்கு இளந்தசையைப் போல எழுந்து வேலை செய்வதில்லை. வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.4 கிராம் தேவைப்படுகிறது. 65 கிலோ எடையுள்ள உங்களுக்கு 26 கிராம். நம் ஊர்க் களி உரம்தான், ஆனால் 100 கிராம் ராகி மாவில் புரதம் 7 கிராம் அளவுதான் இருக்கும். கூடவே இரண்டு முட்டையும், ஒரு கைப்பிடிக் கொள்ளை வேகவைத்துக் கடைந்த மசியலும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். பயிற்சி முடித்துக் காபியோடு தோட்டத்துக்குப் போய்விடுகிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

தோட்டம் என்றதும் நினைவு வருகிறது: மாங்காய் அறுவடையில் கூடை தூக்கும் நாட்கள் உங்கள் நோட்டில் எங்குமே இல்லை. மூன்று மணி நேரம் சுமை தூக்கி, மதிப்பெண் 4 என்று வைத்தால்கூட அது 720. ஓட்டத்தோடு அதை அப்படியே கூட்டுவது சரியாகாதுதான். ஆனால் கால் அந்த நேரத்தையும் சேர்த்தே சுமக்கிறது. வெயிலும் சேரும் அந்த வாரங்களில் கடுமையான ஓட்டம் ஒன்று போதும்.

அடுத்த மூத்தோர் தடகளத்தில் 45 வயதுப் பிரிவில் ஓடப் பெயர் கொடுக்கப்போவதாகச் சொன்னீர்கள், கொடுங்கள். ஸ்பைக்ஸ் காலணியை மட்டும் போட்டி நாளன்றுதான் வெளியே எடுப்பேன் என்று இருக்காதீர்கள். அதன் குதிகால் தாழ்வானது, நாணை அதிகம் இழுக்கும். ஆறு வாரம் முன்பே, செவ்வாய்க்கிழமை கடைசி 400 மீட்டருக்கு மட்டும் அதை அணியுங்கள். மறுநாள் காலைச் சோதனையில் கால் தேறினால் அடுத்த வாரம் இரண்டு சுற்று.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து அண்ணன்