கழிவை ரூபாயில் எழுதாதீர்கள், கிலோவில் எழுதுங்கள்

குசினிப் பொறுப்பாளர்கள் கவனத்துக்கு: மழை வாரங்களில் நுவரெலியா மரக்கறி விலை ஏறும்போது உணவுச் செலவு வீதமும் கூடவே ஏறும். உடனே சமையல்காரரைக் குறை சொல்ல வேண்டாம்.

ஆரம்ப இருப்போடு கொள்வனவைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்தால் பாவனைச் செலவு வரும். உதாரணமாக, விற்பனை இரண்டு வாரமும் 1,00,000 ரூபா. செலவு 32,000இலிருந்து 38,000 ஆகிவிட்டது. இந்த வாரம் பாவித்த அதே கிலோக்களைப் போன வார விலையில் பெருக்குங்கள். 33,000 வந்தால், 5,000 சந்தை விலையால் வந்தது. குசினியில் தேட வேண்டியது 1,000 மட்டுமே.

அதைத் தேடக் கழிவுக் கொப்பி வேண்டும். 10 கிலோ கரட் சீவியபின் 8 கிலோ நிற்பது வழக்கமென்றால், 7 கிலோ நிற்கும் நாளில் கரட்டின் தரத்தையும் சீவும் கையையும் பாருங்கள். ரூபாயில் மட்டும் எழுதினால், விலை இறங்கும் வாரத்தில் இந்தக் கழிவு கண்ணில் படாது. சீவல், பழுது, தட்டில் மிஞ்சியது மூன்றையும் தனித்தனியே நிறுக்கவும்.