ஆண்டறிக்கையைத் தமிழாக்கத்துக்கு அனுப்பும் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர் வட்டாரத்துச் சங்கங்கள், கூட்டுறவுக் கழகங்கள், ஆலய நிர்வாகங்கள், பள்ளி வாரியங்கள் ஆகியவற்றின் செயலாளர்களுக்கு,

வணக்கம். செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து உங்கள் மலாய் அறிக்கைகளைத் தமிழாக்கிக்கொண்டிருப்பவன் எழுதுகிறேன். பொதுக்கூட்டம் நெருங்கினால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, மொழியைப் பற்றியவை அல்ல. "தமிழ் நன்றாக இருக்கிறது ஐயா, ஆனால் அட்டவணை ஏன் இப்படிக் கலைந்து கிடக்கிறது?" என்பதுதான் கேள்வி. அதற்கான பதிலை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். 46 பக்க அறிக்கை, ஏழு அட்டவணைகள், பதினொரு அடிக்குறிப்புகள். நான் மலாய் Word கோப்பின் ஒரு நகலை எடுத்து, அதற்குள்ளேயே வரிக்கு வரி தமிழை எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அலுவலகத்தில் புதிய சின்னத்தோடு வேறொரு வார்ப்புருக் கோப்பு தயாராக இருந்திருக்கிறது. யாரோ என் கோப்பு முழுவதையும் நகலெடுத்து அதில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டும்போது, எழுத்து மட்டும் வந்தால் போதும் என்று Keep Text Only என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அச்சுக்குப் போகும் நாளில் என்னை அழைத்தார்கள். பதினொரு அடிக்குறிப்புகளில் ஒன்றுகூட இல்லை. அட்டவணைகள் கட்டம் இழந்து வெறும் வரிகளாகக் கிடந்தன. பக்கத்துக்குப் பக்கம் மேலே, அத்தியாயத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில், இப்படி ஒரு வரி:

```
Error! No text of specified style in document.
```

அந்த வரி தப்பாக வந்ததல்ல. நடந்ததை உள்ளபடியே சொல்கிறது. அந்த வார்ப்புருவின் ஹெடரில் STYLEREF என்ற கட்டளை வைக்கப்பட்டிருந்தது. Heading 1 என்ற ஸ்டைலில் உள்ள தலைப்பைத் தேடி எடுத்து ஒவ்வொரு பக்கத்தின் மேலும் காட்டுவது அதன் வேலை. ஒட்டியவர் தலைப்புகளைக் கையால் பெரிதாக்கித் தடித்த எழுத்தாக மாற்றியிருந்தார். கண்ணுக்கு அவை தலைப்புகள்தாம். கோப்புக்கோ அவையும் மற்ற பத்திகளைப் போன்ற சாதாரணப் பத்திகளே. தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை, அதைச் சொல்லிவிட்டது. பொருளடக்கம் காலியானதற்கும் இதுவே காரணம்.

அடிக்குறிப்புகள் போன இடம் இன்னும் சுவையானது. docx என்பது உண்மையில் ஒரு zip பொட்டலம். ஒரு நகலின் பெயரில் .docx என்பதை .zip என்று மாற்றித் திறந்து பாருங்கள். word என்ற உறைக்குள் document.xml, footnotes.xml, header1.xml என்று தனித்தனிக் கோப்புகள் இருக்கும். நீங்கள் படிக்கும் அறிக்கை முதலாவதில் இருக்கிறது. அடிக்குறிப்பின் வாசகம் அதில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. அறிக்கையின் நடுவே இருப்பது ஒரு கொக்கி மட்டும்:

```
<w:footnoteReference w:id="4"/>
```

எழுத்தை மட்டும் எடுத்து ஒட்டினால் கொக்கி அறுந்துவிடும். கொக்கி இல்லாத குறிப்பு பக்கத்துக்கு வராது. சிலர் அதன் பிறகு சிறிய 1, 2, 3 என்று மேலே தட்டி, பக்கத்தின் கீழே ஒரு கோடு போட்டு, குறிப்பைக் கையால் எழுதிவிடுகிறார்கள். மேலே ஒரு பத்தி நீண்டால் அந்தக் கோடும் குறிப்பும் அடுத்த பக்கத்தின் நடுவில் போய் நிற்கும்.

இந்தக் கொக்கியில் மொழிபெயர்ப்பாளனுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மலாய் வாக்கியத்தில் வாடகை வருமானம் இவ்வளவு உயர்ந்தது என்று தொகை முதலில் வரும். அதில் 2ஆம் குறிப்பு. மார்ச் மாதம் புதிய ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு என்ற காரணம் பின்னால் வரும். அதில் 3ஆம் குறிப்பு. தமிழில் இது தலைகீழாகும்: "மார்ச் மாதம் புதிய ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வாடகை வருமானம் 84,200 ரிங்கிட்டாக உயர்ந்தது." ஒப்பந்தத்தின் கொக்கி முன்னே போக வேண்டும், தொகையின் கொக்கி பின்னே வர வேண்டும். கொக்கியை வெட்டி உரிய சொல்லின் அருகில் ஒட்டினால், குறிப்பின் வாசகமும் கூடவே வரும். எண்ணை Word தானே மாற்றிக்கொள்ளும். மலாயில் 3ஆக இருந்தது தமிழில் 2ஆகும். அது சரியே. ஆனால் 31ஆம் பக்கத்தில் யாரோ கையால் "3ஆம் அடிக்குறிப்பைக் காண்க" என்று தட்டியிருந்தால், அந்த வரி இப்போது வேறு குறிப்பைக் காட்டும். மலாய் மூலத்தில் அந்த இடங்களை Cross-reference வழியாகப் போட்டிருந்தால், புதுப்பித்தவுடன் எண் தானாகத் திருந்தியிருக்கும். எண்கள் மாறியதைப் பார்த்துவிட்டு, "குறிப்புகளை இடம் மாற்றிவிட்டீர்கள்" என்று என்னோடு சண்டைக்கு வந்த கணக்காய்வாளர் ஒருவர் உண்டு. இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகே சமாதானமானார்.

அடுத்தது தமிழுக்கென்றே உள்ள தொல்லை. Word ஒவ்வொரு ஸ்டைலுக்கும் எழுத்துரு அளவை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறது: மலாய், ஆங்கிலம் போன்ற லத்தீன் எழுத்துகளுக்கு ஒன்று, Complex scripts என்ற பெயரில் தமிழ் உள்ளிட்ட எழுத்துகளுக்கு இன்னொன்று. தடித்த எழுத்துக்கும் அப்படியே. உங்கள் மலாய்த் தலைப்பு 16 புள்ளியில் தடித்து நிற்கும். அதே ஸ்டைலுக்குள் தமிழை எழுதினால் 11 புள்ளியில் மெலிந்து நிற்கும், ஏனென்றால் இரண்டாவது இடத்தை யாரும் தொடவே இல்லை. இதைப் பார்த்துத்தான் அலுவலகத்தில் ஒவ்வொரு தலைப்பாகத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்குகிறார்கள். நாற்பது தலைப்புகளுக்கு நாற்பது முறை. அதற்குப் பதிலாக Office-இன் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துக்கொண்டு, Heading 1 ஸ்டைலை Modify செய்யும் பெட்டியில் Format, பிறகு Font என்று போங்கள். Complex scripts பகுதி தென்படும். அங்கே எழுத்துருவையும் அளவையும் ஒரே ஒரு முறை அமைத்தால் நாற்பது தலைப்புகளும் எழுந்து நிற்கும்.

அட்டவணைகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் ஒரே கோளாறு. வரிசையின் உயரமோ வரி இடைவெளியோ Exactly என்று பூட்டப்பட்டிருக்கும். மலாய் எழுத்து அதற்குள் அடங்கிவிடும். தமிழில் "நிதி" என்று எழுதினால் மேல் விலங்கு வெட்டுப்படும். சொல் நீண்டு இரண்டாம் வரிக்குப் போனால் அந்த வரியே மறைந்துவிடும். தாளில் பார்ப்பவர், மொழிபெயர்ப்பாளன் பாதியில் விட்டுவிட்டான் என்றே நினைப்பார். At least என்று மாற்றினால் போதும். பல பக்கம் நீளும் அட்டவணைக்கு Repeat Header Rows போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தலைவரிசையைக் கையால் நகலெடுத்து வைத்தால், தமிழ் நீண்டவுடன் அது பக்கத்தின் நடுவில் போய் உட்காரும்.

இப்போது டிராக் சேஞ்சஸ் என்ற திருத்தப் பதிவு. ஓர் ஆலய நிர்வாகம் அனுப்பிய மலாய் அறிக்கையைத் திறந்தேன். என் கணினியில் எல்லாத் திருத்தங்களும் தெரியும்படி வைத்திருப்பேன். பொருளாளர் ரசீதுகளை இன்னும் ஒப்படைக்கவில்லை என்ற ஒரு வரி, சிவப்பில் அடிக்கப்பட்டு, அடித்தவரின் பெயரோடும் தேதியோடும் இருந்தது. செயலாளரை அழைத்தேன். "அதை எப்போதோ எடுத்துவிட்டோமே" என்றார். அவர் திரையில் No Markup இருந்திருக்கிறது. அது திருத்தங்களை மறைக்குமே தவிர நீக்காது. Accept செய்யும் வரை, அடித்த வரியும் கோப்புக்குள்தான் வாழ்கிறது. ஆகவே, ஏற்க வேண்டியதை ஏற்று, மறுக்க வேண்டியதை மறுத்து, முடிவான கோப்பை அனுப்புங்கள். திருத்தங்களோடு உள்ள பிரதி உங்களிடமே இருக்கட்டும்.

திருத்தப் பதிவு சொற்களை மட்டும் குறித்துக்கொள்வதில்லை, ஸ்டைல் மாற்றங்களையும் குறித்துக்கொள்ளும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கோப்பில், கையால் தடிக்கப்பட்டிருந்த தலைப்புகளை, பதிவு இயங்கும்போதே Heading 1 ஆக்கியிருந்தேன். செயலாளருக்கு என் சொல் ஒன்று பிடிக்கவில்லை. அதை நீக்குவதற்கு Reject All Changes அழுத்திவிட்டார். சொல்லோடு சேர்ந்து எல்லா ஸ்டைலும் பழையபடி ஆயின. ஹெடரில் மீண்டும் அந்த Error. அதன் பிறகு, ஸ்டைல் வேலையைச் செய்யும்போது பதிவை நிறுத்திவிடுகிறேன். சொல் திருத்தத்துக்கு மட்டும் திறக்கிறேன்.

என்னிடமிருந்து கோப்பு வந்ததும் நீங்களே ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். தேடும் பெட்டியில் ^f என்று தட்டினால் அடிக்குறிப்புக் கொக்கிகள் எத்தனை என்று தெரியும். மலாய்க் கோப்பிலும் தமிழ்க் கோப்பிலும் அந்த எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு Ctrl+A, F9, அடுத்து Error! என்று தேடுங்கள். இது ஹெடருக்குள் எட்டாது, அதனால் அச்சு முன்னோட்டத்தில் ஒவ்வொரு பகுதியின் முதல் பக்கத்தையும் கண்ணால் பாருங்கள். அகலமான அட்டவணைக்காகக் குறுக்கே திருப்பிய பக்கங்களுக்கு முன்னும் பின்னும் Section Break இருக்கும். ஹெடரும் பக்கத்தின் திசையும் அந்தக் குறியில்தான் தங்கியிருக்கின்றன. வெற்றுக் கோடுதானே என்று அதை அழித்தால், அதற்கு மேலுள்ள பக்கங்கள் கீழுள்ள பகுதியின் ஹெடரையும் திசையையும் எடுத்துக்கொள்ளும். Ctrl+Shift+8 அழுத்தினால் குறிகள் எல்லாம் தெரியும்.

புதிய சின்னத்தோடு வார்ப்புரு இருந்தால் மலாய் அறிக்கையை முதலில் அதற்குள் கொண்டுவந்து முடித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். அதை Word ஆக மாற்றினால் ஹெடர் பத்தியாகவும் அடிக்குறிப்பு வெறும் எழுத்தாகவும் வந்து சேரும். அறிக்கையைத் தட்டச்சு செய்தவரிடம் மூலக் கோப்பு கட்டாயம் இருக்கும், ஓர் அழைப்பு விடுத்துக் கேளுங்கள். அப்படியும் பிடிஎஃப்தான் வருமென்றால், கோப்பைக் கட்டியெழுப்பும் நேரத்துக்கு இந்த ஆண்டு முதல் தனி விலைச்சீட்டு எழுதுகிறேன். மொழிபெயர்ப்புக் கட்டணம் பழையதுதான்.

அன்புடன்,
செந்தூல் கடைவீட்டு மாடியிலிருந்து,
உங்கள் மொழிபெயர்ப்பாளன்