உன் கதையில் வரும் சிறுமிக்கு நாற்பது வயது

அன்புள்ள நண்பா,

நலம். வீட்டில் எல்லோரும் நலம். பெரியவர் இன்னமும் காது கேட்காத மாதிரி நடிக்கிறார், வேண்டியது மட்டும் கேட்கிறது. விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய கதையைப் படித்தேன். ஆறு வயதுப் பெண் ஒரு அரூப ஓவியத்தின் முன் நின்று தான் காண்பதைச் சொல்வதாக எழுதியிருக்கிறாய். யோசனை அருமை. ஆனால் அந்தக் குழந்தை இரண்டாவது பத்தியிலேயே "இந்த நீலத்துக்குள் ஒரு மௌனம் இருக்கிறது" என்கிறாள். டேய், அது அவள் பேச்சா, உன் பேச்சா? மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாயே!

திட்டுவதற்காக மட்டும் எழுதவில்லை. போன வாரம் பேத்தி வந்திருந்தாள். என் மேஜை மேல் காண்டின்ஸ்கியின் 'பல வட்டங்கள்' அச்சுப் படம் கிடந்தது. 1926இல் வரைந்தது, அசல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உனக்கு ஞாபகம் இருக்கும். கறுப்புப் பின்னணி, இடப்பக்கம் மேலே பெரிய நீல வட்டம், அதைச் சுற்றி வெளிறிய ஒளி வளையம், அதற்குள்ளே ஒரு கறுப்பு வட்டம். மற்றபடி படம் முழுக்கச் சிறிதும் பெரிதுமாக வண்ண வட்டங்கள், சில ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். கோடு கிடையாது, சதுரம் கிடையாது, வட்டத்தைத் தவிர ஒன்றுமே கிடையாது. அசல் கிட்டத்தட்ட 140 சென்டிமீட்டர் சதுரம். நம் குட்டி அதன் முன் நின்றால் நீலம் அவள் தலைக்கு மேலே இருக்கும்.

முதலில் அவள் பாட்டி கேட்டாள், "இது என்ன?" பந்து, நிலா, பலூன், பொத்தான் என்று பட்டியல் போட்டாள் குட்டி. பாட்டி "சமத்து" என்றாள். அதோடு முடிந்தது. வகுப்பில் பதில் சொல்லி உட்கார்ந்த பிள்ளை போல மேஜையை விட்டு நகரப் பார்த்தாள்.

நான் கேள்வியை மாற்றினேன். "இங்கே என்ன நடக்குது?" என்றேன். சொந்தச் சரக்கில்லை. அபிகெய்ல் ஹவுசன், ஃபிலிப் யெனவைன் இருவரும் அருங்காட்சியகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் பேசுவதற்காக வகுத்த முறையின் முதல் கேள்வி அதுதான். பெயர் கேட்டால் பெயர்தான் வரும். நடப்பைக் கேட்டால்தான் யார், யாரை, ஏன் என்று கதை கிளம்பும். ஃபோனில் பதிவு செய்து அப்படியே எழுதி வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை:

"நீலம் ரொம்பப் பெரிசு. அதால ஓட முடியாது. சின்னது எல்லாம் ஓடிப் பிடிச்சு விளையாடுது. மஞ்சள்தான் பிடிக்கிறவன். ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சா இடிச்ச இடம் மட்டும் கலர் மாறிடும். அதனால யார் இடிச்சாங்கன்னு பொய் சொல்ல முடியாது. நீலத்துக்குள்ள ஓட்டை இருக்கு. இல்ல இல்ல, ஓட்டை இல்ல, அது ஒரு கறுப்பு. அது விளையாட வராது. ஏன்னா வெளிய எல்லாமே கறுப்பு. வெளிய வந்தா அது இருக்கறதே யாருக்கும் தெரியாது. நீலத்துக்குள்ள இருந்தாத்தான் தெரியும். அதனால நீலம் நகராம நிக்குது."

அவ்வளவுதான். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நம் நண்பன் நெட்டையனிடம் ஃபோனில் வாசித்துக் காட்டினேன். "பிள்ளை மனசுல ஏதோ பயம் இருக்குடா, அம்மா அப்பா சண்டையா? யாருகிட்டயாவது காட்டுங்க" என்றான். அவனுக்கு எதிலும் நோய்தான் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் அவன் வாங்கிக்கொண்டு போன புத்தகத்தைக் கேட்கக்கூட மறந்துவிட்டேன். அவனுக்கு அந்த முறையின் இரண்டாவது கேள்வியைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்: "எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?" குட்டியிடம் அதையே கேட்டபோது, யோசிக்காமல் உள்ளே இருந்த கறுப்பு வட்டத்தில் விரலை வைத்தாள், அப்படியே இழுத்து வெளியே பின்னணிக் கறுப்புக்குக் கொண்டுவந்தாள். "பாரு, போச்சு" என்றாள். அவள் சொன்ன பயம் படத்திலேயே இருக்கிறது! கறுப்பின் மேல் கறுப்பு தெரியாது. எத்தனையோ வருஷமாக அந்தப் படத்தைப் பார்க்கிறேன், அந்த வட்டம் தெரிவதற்கே நீலம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றியதில்லை. வண்ணம் மாறும் சங்கதியும் அப்படித்தான். வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தில் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் மூன்றாவது நிறம் வருவதாகத்தான் காண்டின்ஸ்கி வரைந்திருக்கிறார். குட்டி அதற்குக் காரணம் கண்டுபிடித்து, அதையே விளையாட்டின் விதியாக்கிவிட்டாள்.

விரலை வைக்க இடம் இல்லாத வரி வந்தால் அது வேறெங்கிருந்தோ வந்தது. பள்ளியிலிருந்து, கார்ட்டூனிலிருந்து, பாட்டியைச் சந்தோஷப்படுத்தும் ஆசையிலிருந்து. உன் கதையை இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பார். "மௌனம்" எந்த வட்டத்தில் இருக்கிறது? காட்டு பார்க்கலாம்.

இன்னொன்றும் கவனி. ஓட்டை என்றாள், உடனே இல்லை என்றாள். நாம் எழுதினால் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டுச் சுத்தமாக எழுதுவோம். அடித்தால் கதை செத்தது. பின்னணி முன்னுக்கு வந்து, வெறும் இடம் ஆளாக மாறிய நொடி அது. அந்தத் தடுமாற்றத்தில்தான் அவள் பார்ப்பது நமக்குக் கேட்கிறது. மஞ்சளை முக்கிய ஆளாக அறிமுகம் செய்துவிட்டுச் சுத்தமாக மறந்துபோனாள். அதையும் விட்டுவிடு, கடைசியில் கூப்பிட்டு வந்து கூட்டம் சேர்க்காதே. உன் கதையில் எல்லா வட்டமும் ஒழுங்காக வீடு திரும்புகின்றன, வருகைப் பதிவேடு எடுத்தது போல.

பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். நீலம் வலப்பக்கம் கீழே வந்தது. "இப்ப நீலம் விழுந்துடுச்சு, விளையாட்டு முடிஞ்சுபோச்சு" என்றாள். மேலே இருந்தபோது "நிக்குது", கீழே வந்ததும் "விழுந்துடுச்சு". காண்டின்ஸ்கி தன் ஓவியம் ஒன்றையே ஒரு மாலை மங்கலில், பக்கவாட்டில் சாய்ந்திருந்தபோது அடையாளம் தெரியாமல் பார்த்து அசந்து நின்றதாக 1913இல் வெளியான நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவருக்கு அது பொருளற்ற வடிவங்களின் அழகாகத் தெரிந்தது. இவளுக்கோ எந்தப் பக்கம் திருப்பினாலும் யாராவது ஏதாவது செய்துகொண்டிருக்கிறார்கள். நீ எழுத வேண்டிய கதை இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கே என்று கேட்காதே, எழுத வேண்டியவன் நீ.

ஒரு எச்சரிக்கை. மறுநாள் அதே கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னேன், வரவில்லை. இரண்டாவது தடவை பூனையும் இளவரசியும் வந்துவிட்டார்கள், எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சேர்த்திருக்கிறாள். அதனால் யாராவது ஒரு பிள்ளையிடம் நீ கேட்கப் போனால் முதல் தடவையே பதிவு செய்துவிடு, நடுவில் தலையாட்டாதே, "அப்புறம்?" என்று மட்டும் கேள். உனக்கு அதுதான் கஷ்டம், தெரியும்.

கடைசிப் பத்தியில் அவள் வளர்ந்து பெரியவளாகி அந்தப் படத்தை நினைத்து அழுகிறாளே, அதை வெட்டு. தயவு தாட்சண்யம் பார்க்காதே. திருத்தியதும் எனக்கு அனுப்பு, நெட்டையனுக்கு முதலில் அனுப்பாதே. அவன் அந்தச் சிறுமிக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிடுவான்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்