டிப்ஸ் பெட்டிக்கு ஒரு நோட்டு வேண்டும்: நெல்லைச் சீமை சலூன், பார்லர் முதலாளிகளுக்கு

மதிப்பிற்குரிய முதலாளிமாருக்கு,

வணக்கம். நான் பாளையங்கோட்டையில் ஒரு பார்லரில் முடி வெட்டுகிறேன். அதற்கு முன்னால் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் நான்கு வருஷம் ஹெல்பராக இருந்தேன். டிப்ஸ் கிடைக்காத இடத்திலும் கிடைக்கிற இடத்திலும் நின்றிருப்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு ஹேர் கலர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கலரைக் கலக்குவது ஹெல்பர். ஃபாயில் எடுத்து நீட்டுவது, பேசினில் தலையைச் சாய்த்து அலசுவது, காது மடலில் ஒட்டிய கறையைத் துடைப்பது எல்லாம் அவள்தான். கடைசியில் பதினைந்து நிமிஷம் டிரையரைப் பிடித்து வடிவம் கொடுப்பது ஸ்டைலிஸ்ட். வாடிக்கையாளர் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிற நேரத்தில் பக்கத்தில் நிற்பதும் ஸ்டைலிஸ்ட்தான். நூறு ரூபாய் அந்தக் கைக்குப் போகிறது. கையுறை கிழிந்தால் மாற்றுக் கையுறை இல்லாத கடையில், கறுத்த நகத்தோடு வீட்டுக்குப் போகிறவள் ஹெல்பர். முடியைக் கூட்டி, துண்டு அலசிக் காயப்போடுகிற ஆச்சியை வாடிக்கையாளர் பார்ப்பதே இல்லை.

பழைய கடையில் ஆச்சியிடம் ஒருநாள் கேட்டேன், "உங்களுக்கு ஒண்ணும் தர மாட்டாங்களா?" என்று. "எனக்கு எதுக்குத் தாயி, நான் என்ன முடியா வெட்டுதேன்?" என்றார். பேசிக்கொண்டே உள்ளங்காலில் குத்தியிருந்த ஒரு முடித்துணுக்கை நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார்.

சரி, யாருக்கு எவ்வளவு என்ற பேச்சுக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. இப்போது டிப்ஸில் பாதிக்கு மேல் பெட்டிக்கே வருவதில்லை. பில் 850 ரூபாய், வாடிக்கையாளர் க்யூஆரை ஸ்கேன் பண்ணி ஆயிரம் போட்டுவிட்டு "மீதியை நீங்களே வச்சுக்கோங்க" என்று சொல்லிப் போய்விடுகிறார். ஸ்பீக்கர் ஆயிரம் என்று கத்துகிறது. பணம் உங்கள் கணக்கில், நன்றி எங்களுக்கு. நீங்கள் வேண்டுமென்று எடுத்துக்கொள்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த 150 ரூபாய் எங்கேயும் எழுதப்படாததால் அன்றைய வசூலோடு கரைந்துவிடுகிறது, அவ்வளவுதான். பழைய கடையில் இதைக் கேட்டதற்கு, "ராத்திரி ஒவ்வொண்ணா உக்காந்து பிரிக்க முடியுமா?" என்று பதில் வந்தது.

ஒவ்வொன்றாகப் பிரிக்கவே வேண்டாம். இப்போது இருக்கும் கடையில் செய்வது ஒரே ஒரு கழித்தல். ஒரு சனிக்கிழமைக் கணக்கைத் தருகிறேன். பில் புத்தகத்தில் யுபிஐ என்று குறித்த பில்களின் கூட்டு 11,420 ரூபாய். அன்றைக்குக் கணக்கில் வந்து விழுந்தது 12,150. வித்தியாசம் 730, அதுதான் ஆன்லைன் டிப்ஸ். பில்லை ரொக்கமாகக் கொடுத்து டிப்ஸை மட்டும் போனில் போட்டவர்களின் பணமும் இந்த வித்தியாசத்துக்குள் தானாக வந்துவிடும். இதைக் கெடுப்பவை இரண்டு. கல்யாண மேக்கப்புக்கு வருகிற அட்வான்ஸ் பில் புத்தகத்தில் இல்லாவிட்டால் அதுவும் டிப்ஸ் மாதிரி தெரியும், ஆகவே அட்வான்ஸுக்கும் ரசீது போட்டே ஆகவேண்டும். இன்னொன்று, பாதியில் நின்று மறுநாள் வந்து சேருகிற பணம். அன்றைக்கு வித்தியாசம் மைனஸில் போனால் அல்லது வழக்கத்தைவிட மிகக் குறைந்தால் இதுதான் காரணமாக இருக்கும். ஒரு வரி குறித்து வைத்து மறுநாள் சரிசெய்துகொள்ளலாம்.

அதே சனிக்கிழமை பெட்டியில் ரொக்கம் 430. மொத்தம் 1,160. எங்கள் கடையில் ஸ்டைலிஸ்டுக்கு 4 பங்கு, ஹெல்பருக்கு 3, ஆச்சிக்கு 2. அரைநாள் வந்தவருக்கு அதில் பாதி. அன்றைக்கு ஸ்டைலிஸ்ட் இருவர், முழுநாள் ஹெல்பர் ஒருத்தி, மதியத்துக்கு மேல் வந்த ஹெல்பர் ஒருத்தி, ஆச்சி. 8, 3, ஒன்றரை, 2 என்று மொத்தம் பதினாலரைப் பங்கு. ஒரு பங்குக்கு 80 ரூபாய் விழுந்தது. ஸ்டைலிஸ்டுகளுக்கு ஆளுக்கு 320, ஹெல்பர்களுக்கு 240, 120, ஆச்சிக்கு 160.

இதில் எனக்கு நஷ்டம்தான், மறைக்கவில்லை. அன்றைக்கு என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கொடுத்தது மட்டும் கிட்டத்தட்ட எழுநூறு இருக்கும். முதல் மாதம் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் தாராளமாகக் கொடுக்கிற வாடிக்கையாளர் உள்ளே வந்தால், யார் நாற்காலிக்கு அவரை இழுப்பது என்று இரண்டு ஸ்டைலிஸ்டுகளுக்குள் ஒரு மௌனச் சண்டை நடக்கும். ஹெல்பரும் எந்த அக்கா பத்து ரூபாய் தருவார்களோ அவர்கள் பக்கம்தான் முதலில் ஓடுவாள். இரண்டும் நின்றுபோயின. 4, 3, 2 என்பது வேதம் இல்லை. உங்கள் கடைக்கு 5, 4, 3 சரியாக இருக்கலாம். ஆனால் அதை எல்லாரையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். மாதாமாதம் மாறுகிற பங்கு யாருக்கும் ஒப்பாது.

முதலாளியே கத்தரி பிடிக்கிற கடைகள் நம் பக்கம் நிறைய. என் கருத்து இது: உங்களுக்கு வருகிற டிப்ஸும் பெட்டிக்குள் போகட்டும், பங்கு மட்டும் வேண்டாம். உங்களுக்கு லாபம் வேறு வழியில் வருகிறது. உடைந்த பாட்டிலுக்கும், கறைபட்ட துண்டுக்கும், சம்பளக் குறைவுக்கும் இந்தப் பெட்டியில் கைவைக்கக் கூடாது.

இது சட்டத்துக்கு வெளியே நின்று கேட்கிற சலுகையும் இல்லை. ஹோட்டலில் கார்டு வழியாக வந்த டிப்ஸ் பற்றிய வருமான வரி வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: அது முதலாளி கொடுக்கிற சம்பளம் அல்ல, பணியாளர்களுக்காக நம்பிக்கையின்பேரில் அவர் கையில் வைத்திருக்கிற பணம். வழக்கு வரி பற்றியதுதான், சலூனைப் பற்றியது அல்ல. எப்படிப் பங்கு பிரிப்பது என்றும் அது சொல்லவில்லை. ஆனால் உங்கள் கணக்கில் விழுந்த 730 ரூபாயை எந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும் என்பதற்கு அது போதும். பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து டிப்ஸை வேலையாட்களுக்கு முழுசாகக் கொடுக்கவும், பதிவேடு வைக்கவும் சட்டமே இருக்கிறது.

நோட்டு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்பது பக்க நீளநோட்டுப் போதும். தேதி, ரொக்கம், யுபிஐ, மொத்தம், பங்கு எண்ணிக்கை, ஒரு பங்கின் மதிப்பு, ஆளுக்கு எவ்வளவு, கையெழுத்து. ரூபாய்க்குக் கீழே மிஞ்சுவதை மறுநாள் பெட்டியில் சேர்த்துவிடுவோம். பெட்டியை ஒருவர் தனியாகத் திறப்பதில்லை. ஒரு ஸ்டைலிஸ்டும் ஹெல்பரோ ஆச்சியோ ஒருவரும் சேர்ந்து எண்ணுகிறோம். எண்ணியதைச் சத்தமாகப் படிப்பது எங்கள் வழக்கம், ஏனென்றால் ஆச்சிக்கு எழுத்து தெரியாது, கணக்கு நன்றாகவே தெரியும். ஒருதடவை 160-க்குப் பதில் 150 என்று நான் படித்ததை அவர்தான் பிடித்தார். செவ்வாய் கடை லீவு என்பதால் திங்கள் ராத்திரி வாரப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். மாதக் கடைசிவரை வைத்திருந்தால் சம்பளத்தோடு கலந்து, எது எது என்று தெரியாமல் போகும்.

கடைசியாக ஒன்று. தொடங்குவதாக இருந்தால் தயவுசெய்து தீபாவளி வாரத்திலோ, ஆவணி முகூர்த்த நாட்களிலோ தொடங்காதீர்கள். அப்போதுதான் டிப்ஸ் அதிகம் விழும், முதல் நாளே ஸ்டைலிஸ்டுகள் முறைத்துக்கொள்வார்கள். ஆடி மாதம் மாதிரி கூட்டம் குறைந்த வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். ஐம்பது, நூறு ரூபாயில் தப்பும் தவறுமாகப் பிரித்துப் பழகிக்கொண்டால், கூட்டம் வரும்போது நோட்டு தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு ஸ்டைலிஸ்ட்