கடன் வழக்கில் ஆஜராகும் சக வழக்கறிஞர்களுக்கு: வட்டியையும் எதிர்த்துப் பேசுங்கள்

நண்பர்களே,

புரோநோட்டு வழக்கில் நம்மில் பலர் தாக்கல் செய்யும் எதிருரை ஒரே மாதிரிதான் இருக்கிறது. பணமே வாங்கவில்லை, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிப் பூர்த்தி செய்துகொண்டார், அவ்வளவுதான். கையெழுத்து உண்மை என்று ஆகிவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 118-ம் பிரிவின் அனுமானம் வாதிக்குச் சாதகமாக வந்துவிடும், அப்புறம் வட்டியைப் பற்றி ஒரு வரிகூட நாம் எழுதியிருக்க மாட்டோம், நீதிமன்றமும் கேட்ட வட்டியைக் கொடுத்துவிடும்.

ஒரு கணக்கு பார்ப்போம். அசல் ஒரு லட்சம், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். இரண்டரை ஆண்டு கழித்துப் பிராது, அதுவரை வட்டி 60,000. வழக்கு மூன்று ஆண்டு நடக்கிறது, அதே விகிதம் என்றால் இன்னொரு 72,000. தீர்ப்பாணை 2,32,000 ரூபாய்க்கு. தமிழ்நாட்டில் 1957-ம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டத்தின் கீழ் உச்ச வரம்பு 12 சதவீதம், அதற்கு மேல் வசூலிப்பதை 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. வழக்குக்கு முந்தைய வட்டியை 12 சதவீதமாகவும், வழக்கு நடந்த காலத்துக்கு 6 சதவீதமாகவும் வாதிட்டு ஏற்கவைத்தால் தொகை 1,48,000-தான். வித்தியாசம் 84,000 ரூபாய்.

அதனால் ஒரு மாற்றுவாதம் கட்டாயம் வேண்டும்: 'கடன் உண்டு என்று நீதிமன்றம் முடிவு செய்தாலும், வரம்பு மீறிய வட்டி செல்லாது.' இது மறுப்பைப் பலவீனப்படுத்தும் என்று தயங்குகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை, மாற்றுவாதத்தைச் சட்டமே அனுமதிக்கிறது. 1918-ம் ஆண்டு மிகைவட்டிக் கடன் சட்டத்தின் 3-ம் பிரிவையும் சேருங்கள், அதன்படி நீதிமன்றம் பழைய கணக்கையே திறந்து பார்க்கலாம்.

தீர்ப்புக்குப் பிந்தைய காலத்துக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 34-ம் பிரிவில் வரம்பு 6 சதவீதம். வணிக நடவடிக்கை என்றால் மட்டும் அதைத் தாண்டலாம், அதனால் நோட்டில் 'குடும்பச் செலவுக்காகவும் வியாபாரத்துக்காகவும்' என்று அச்சடித்திருக்கும் வரியைக் குறுக்குவிசாரணையில் விட்டுவிடாதீர்கள்.

நிறைவேற்று மனுவில்தான் கவனம் அதிகம் தேவை. அந்த 6 சதவீதம் அசலுக்கு மட்டுமே, 1956 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் நிலை. நம் கணக்கில் இரண்டு ஆண்டுக்கு 12,000 வர வேண்டும், மனுவில் மொத்தம் 2,32,000-க்கும் போட்டு 27,840 கேட்டிருப்பார்கள். தீர்ப்பாணையில் பிந்தைய வட்டி பற்றி ஒன்றுமே இல்லையென்றால் அது மறுக்கப்பட்டதாகவே பொருள், அதற்காகத் தனி வழக்கும் போட முடியாது. மனு வந்ததும் தீர்ப்பாணை நகலை வாங்கி, அசல் எவ்வளவு என்று பார்த்து, உங்கள் கணக்குத் தாளை எதிர்மனுவோடு தாக்கல் செய்யுங்கள்.